ஈயமுள்ள சால்டரா, ஈயமற்றதா? மின்னணுப் பழுதுபார்ப்பில் புதியவர் கம்பியையும் பிளக்ஸையும் தேர்ந்தெடுக்கும் முறை

மடிக்கணினி ஒன்றின் சார்ஜர் செருகும் ஜாக் ஆட்டம் கண்டுவிட்டது; அதைக் கழற்றிப் புதிய ஜாக் பொருத்த வேண்டும். அயர்னைச் சூடாக்கி ஜாக்கின் காலில் வைத்தால் பழைய சால்டர் உருக மறுக்கிறது, அல்லது மேற்பரப்பு மட்டும் இளகிவிட்டு அயர்னை எடுத்ததும் இறுகிக்கொள்கிறது. புதியவர் பெரும்பாலும் அயர்ன் பழுது என்றோ வெப்பம் போதவில்லை என்றோ எண்ணி 450 டிகிரி வரை ஏற்றிவிடுகிறார். சில நொடிகளில், காலைச் சால்டர் செய்யும் செம்புப் பரப்பான பேடு போர்டிலிருந்து கழன்று வந்துவிடுகிறது. இந்த இழப்புக்குக் காரணம் வெப்பக் குறைவு மட்டும் அன்று. போர்டில் இருக்கும் சால்டர் எந்த உலோகக்கலவை, நம் கையில் இருக்கும் கம்பி எந்தக் கலவை, நடுவில் உலோகத்தின் ஆக்சைடு படலத்தை அகற்றிச் சால்டரைப் பரவவைக்க வேண்டிய பிளக்ஸ் எது என்ற மூன்றும் சரியாகப் பொருந்தாததே முதன்மைக் காரணம். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஜாக் மாற்றும் வேலையையே மனத்தில் வைத்துக்கொண்டு இம்மூன்றையும் விளக்குகிறேன்.

கலவையும் உருகுநிலையும்

மின்னணு வேலையில் பயன்படும் சால்டர் எல்லாவற்றுக்கும் அடிப்படை டின் எனப்படும் வெள்ளீயம். சுத்தமான வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். அதனோடு வேறு உலோகம் சேரும்போது உருகும் வெப்பநிலை குறைகிறது. எந்த உலோகத்தை எவ்வளவு சேர்க்கிறோம் என்பதுதான் கம்பிகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியில் உருகுகிறது. சுருளின் மேல் இது Sn63Pb37 என்றோ 63/37 என்றோ அச்சிடப்பட்டிருக்கும். இதன் சிறப்பு உருகுநிலை குறைவாக இருப்பதில் மட்டும் இல்லை. 183 டிகிரிக்கு மேல் முழுத் திரவமாகவும், அதற்குக் கீழ் முழுத் திடமாகவும் இருக்கும். இடைப்பட்ட குழைநிலை கிடையாது. வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ள 60/40 கலவையோ 183 டிகிரியில் இளகத் தொடங்கினாலும் முழுமையாகத் திரவமாவதற்கு ஏறத்தாழ 190 டிகிரியைத் தொட வேண்டும்.

அந்த ஏழெட்டு டிகிரி இடைவெளி காகிதத்தில் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அயர்னை எடுத்தபின் இணைப்பு குளிர்ந்து இறுகும் அந்தக் கணத்தில் பாகம் சற்று அசைந்தாலும், குழைநிலையில் இருக்கும் சால்டருக்குள் நுண்ணிய விரிசல்கள் விழுந்து, மேற்பரப்பு சுருங்கி மங்கிய இணைப்பு உருவாகிவிடும். கை நிலைப்படாத புதியவருக்கு 63/37 கலவையையே நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். உருகியது இறுகும் கணம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அதுவரை அசைக்காமல் இருந்தால் போதும்.

ஈயமற்ற கலவைகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது SAC305. வெள்ளீயம் 96.5 விழுக்காடு, வெள்ளி 3 விழுக்காடு, செம்பு 0.5 விழுக்காடு. இது 217 டிகிரியில் இளகத் தொடங்கி 220 டிகிரியில் முழுத் திரவமாகிறது. வெள்ளி சேராத, வெள்ளீயமும் 0.7 விழுக்காடு செம்பும் மட்டும் கொண்ட கலவை 227 டிகிரியில் உருகுகிறது. வெள்ளி இல்லாததால் விலை குறைவு, ஆனால் கையால் சால்டர் செய்ய இன்னும் சற்றுக் கடினம். ஆக, ஈயமுள்ள கம்பிக்கும் ஈயமற்ற கம்பிக்கும் இடையே 35 முதல் 45 டிகிரி வரை வேறுபாடு இருக்கிறது.

அயர்னில் நாம் அமைக்கும் 340 அல்லது 360 டிகிரி என்பது அதன் முனையான டிப்பின் வெப்பநிலையே அன்றி இணைப்பின் வெப்பநிலை அன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டிப்பைத் தொட்டவுடன் பேடும் காலும் செம்புத் தடமும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றன; இணைப்பு, கலவையின் உருகுநிலையைவிட 40, 50 டிகிரி மேலே போய் ஒன்றிரண்டு நொடிகள் நின்றால் நல்ல பிணைப்பு அமைகிறது. ஈயமுள்ள கம்பியில் அது எளிதில் நடக்கிறது. ஈயமற்ற கம்பியில் அதே இடத்துக்கு வந்து சேரக் கூடுதல் வெப்பமோ கூடுதல் நேரமோ தேவைப்படுகிறது. இரண்டுமே பேட்டைப் போர்டோடு ஒட்டவைத்திருக்கும் பிசினைத் தளர்த்துபவை.

இன்னொரு வேறுபாடு, உருகிய சால்டர் செம்பின் மேல் பரவும் தன்மை. பரவும்போது வெள்ளீயமும் செம்பும் வினைபுரிந்து இடையில் மெல்லிய சேர்ம அடுக்கு ஒன்றை உண்டாக்குகின்றன. மின் இணைப்பையும் உறுதியையும் தருவது அந்த அடுக்குதான். ஈயமுள்ள சால்டர் பேடின் ஓரம் வரை தானாக ஓடிப் படர்கிறது. ஈயமற்றது சற்றுத் தயங்கி, வைத்த இடத்திலேயே குவிந்து நிற்க முனைகிறது. பிளக்ஸ் நன்றாக இருந்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கிவிடும். பிளக்ஸ் குறைந்தால் ஈயமுள்ள கம்பியைவிட ஈயமற்ற கம்பியிலேயே தவறு விரைவாகத் தெரியவரும்.

போர்டில் இருப்பது எது என்று எப்படி அறிவது

ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹ்ஸ் விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்னணுப் பொருள்களில் உள்ள எந்தவொரு சீரான பொருளிலும் ஈயம் எடையில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் வரம்பு. உலகம் முழுவதும் ஒரே பொருளை விற்கும் உற்பத்தியாளர்கள் தனித்தனி வரிசைகளை நடத்த விரும்பாததால், அந்த ஆண்டுக்குப் பின் வந்த பெரும்பாலான நுகர்வோர் கருவிகள் ஈயமற்ற சால்டரோடுதான் வருகின்றன. ஆகவே, கருவி அதற்குப் பிற்பட்டது என்றால் ஈயமற்றது என்றே கொண்டு தொடங்குவது பாதுகாப்பானது. பழைய வானொலி, ஒலிபெருக்கி, 1990களின் கணினி போன்றவற்றில் ஈயமுள்ளதே இருக்கும்.

போர்டின் மீதே அடையாளம் இருந்தால் ஐயம் தீரும். Pb என்ற எழுத்துகள் வட்டத்துக்குள் குறுக்குக்கோடு போடப்பட்டு அச்சிடப்பட்டிருந்தால் ஈயமற்றது. சில போர்டுகளில் சிறிய எழுத்தில் e1 என்றிருக்கும். அது வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த கலவையைக் குறிக்கிறது. e6 என்றிருந்தால் பிஸ்மத் கலந்த சால்டர் என்று பொருள். அந்தக் குறியைக் கண்டால் ஏன் நிதானிக்க வேண்டும் என்பதைப் பின்னர் சொல்கிறேன். கண்ணால் பார்த்து அறிய முயல்வதும் உண்டு: ஈயமுள்ள இணைப்பு பளபளப்பாகவும், ஈயமற்றது சற்று மங்கலாக, மேற்பரப்பில் நுண்மணிகள் தெரிவதுபோலவும் இருக்கும். ஆனால் பல ஆண்டு பழைய இணைப்புகளில் இந்த வேறுபாடு மங்கிவிடுவதால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

பிளக்ஸின் வேலை

செம்பும் வெள்ளீயமும் காற்றில் எப்போதும் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன. வெப்பம் ஏறும்போது அந்தப் படலம் வேகமாகத் தடிக்கிறது. உருகிய சால்டரால் ஆக்சைடின் மேல் பரவ முடியாது. அங்கே உருண்டையாக நின்றுவிடும். பிளக்ஸ் செய்யும் வேலை, இந்த ஆக்சைடைக் கரைத்து அகற்றுவதும், வேலை முடியும்வரை புதிய ஆக்சைடு உண்டாகாமல் காற்றை மறைத்து நிற்பதும் ஆகும். ஆகவே சால்டர் பரவவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது, பிளக்ஸ் இருக்கிறதா, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வியைத்தான். வெப்பத்தைக் கூட்டுவது அதற்குப் பின்னர் வரும் கேள்வி.

உயிரோடு இருக்கிறதா என்று சொல்வதில் பொருளுண்டு. மின்னணு வேலைக்கான கம்பிக்குள் மெல்லிய பிளக்ஸ் இழை ஓடுகிறது. எடையில் அது இரண்டு, மூன்று விழுக்காடு இருக்கும். கம்பி டிப்பில் பட்டதும் பிளக்ஸ் முதலில் உருகி ஓடி, புகைந்து, சில நொடிகளில் தீர்ந்துபோகிறது. புதியவர் பலர் கம்பியை டிப்பில் உருக்கி, அந்த உருண்டையைத் தூக்கிக்கொண்டுபோய் இணைப்பில் அப்புகிறார்கள். அதற்குள் பிளக்ஸ் எரிந்துவிட்டது. சால்டர் மட்டும்தான் வந்து சேருகிறது. அயர்னை எடுக்கும்போது சால்டர் கூர்முனையாக இழுபட்டு நிற்பதும், மேற்பரப்பு சாம்பல் நிறத் தோல் போர்த்தியதுபோல் ஆவதும் பிளக்ஸ் தீர்ந்ததற்கான நேரடி அடையாளங்கள். அந்த இணைப்பில் சிறிது பிளக்ஸைத் தொட்டு வைத்து மறுபடி ஒரு நொடி சூடாக்கிப் பாருங்கள்: கூர்முனை தானாக உள்ளிழுத்துக்கொண்டு, சால்டர் காலைச் சுற்றிப் படர்ந்து மென்மையாவதைக் கண்ணால் காணலாம்.

புதியவர் அறிய வேண்டிய பிளக்ஸ் வகைகள் மூன்று. முதலாவது ரோசின். பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் இது அறை வெப்பத்தில் திடமாகவும் வினையற்றதாகவும் இருந்து, சூடேறியதும் மென் அமிலமாக வேலை செய்கிறது. குளிர்ந்தபின் மீண்டும் கடினமாகித் தன் எச்சத்தைத் தனக்குள்ளேயே பூட்டிக்கொள்கிறது. ரோசினிலேயே கூடுதல் வினையூக்கி சேர்த்த வகைகள் உண்டு. ஆர்எம்ஏ என்பது மிதமானது, ஆர்ஏ என்பது வலிமையானது. பழைய, கருத்துப்போன பாகங்களுக்கு வலிமையானது உதவும், ஆனால் வேலைக்குப் பின் கழுவ வேண்டும்.

இரண்டாவது, கழுவத் தேவையில்லை என்ற பொருளில் நோ-கிளீன் எனப்படும் வகை. எச்சம் மிகக் குறைவாகவும் மின்சாரத்தைக் கடத்தாததாகவும் இருக்கும்படி இது வடிவமைக்கப்பட்டது. பேஸ்டாக, சிரிஞ்சில் அடைத்த ஜெல்லாக இது எளிதாகக் கிடைப்பதால் பழுதுபார்ப்பவர்களிடம் மிகப் பரவலாக உள்ளது. இதில் பலர் கவனிக்காத நிபந்தனை ஒன்று இருக்கிறது: போதிய வெப்பம் பட்டால்தான் இதன் வினைப்பொருள்கள் சிதைந்து தீங்கற்றதாகின்றன. தொழிற்சாலையின் உலையில் போர்டு முழுவதும் சூடேறுவதால் அங்கே நிபந்தனை நிறைவேறுகிறது. நாம் ஒரு காலைச் சுற்றிச் சிரிஞ்சிலிருந்து தாராளமாகப் பிதுக்கி, அதில் நடுப்பகுதியை மட்டும் அயர்னால் சூடாக்கும்போது, ஓரங்களில் வழிந்த ஜெல் வெப்பம் படாமலே கிடக்கிறது. ஈரப்பதம் சேர்ந்தால் நெருக்கமான கால்களுக்கு இடையே அது மின்கசிவுக்கு வழிவகுக்கலாம். ஆகவே கையால் செய்யும் வேலையில் நோ-கிளீன் ஜெல்லையும் துடைத்துவிடுவதே என் வழக்கம். பெயரை நம்பி விட்டுவிடுவதில்லை.

மூன்றாவது, தண்ணீரில் கரையும் கரிம அமில பிளக்ஸ். இது மூன்றிலும் வலிமையானது, சால்டர் அழகாகப் படரும். ஆனால் எச்சம் அரிக்கும் தன்மை உடையது. வேலை முடிந்ததும் தண்ணீரால் முழுமையாகக் கழுவியே ஆக வேண்டும். ஜாக், ஸ்விட்ச், ரிலே போன்ற பாகங்களுக்கு உள்ளேயும் அடியிலும் தண்ணீரும் பிளக்ஸும் புகுந்து தங்கிவிடும் என்பதால், பழுதுபார்ப்பில் புதியவர் இதைத் தவிர்ப்பது நல்லது. தண்ணீர்க் குழாய், தகரம் ஒட்டும் வேலைக்கான துத்தநாக குளோரைடு பிளக்ஸைப் போர்டின் அருகேகூடக் கொண்டுவரக் கூடாது. முதல் நாள் இணைப்பு பளிச்சென்று இருக்கும். பின்னர் தடம் பச்சையாகி அரிக்கப்பட்டுத் துண்டாகிவிடும்.

சுருளிலோ சிரிஞ்சிலோ ROL0 என்ற குறி இருந்தால் ரோசின் அடிப்படையிலானது, வினைத்திறன் குறைந்தது, ஹேலைடு சேராதது என்று பொருள். பெட்டியின் மேலுள்ள விளம்பரச் சொற்களைவிட இந்தக் குறியே நம்பத்தக்கது. எச்சரிக்கையோடு தொடங்க விரும்புபவர் இதைத் தேடி வாங்கலாம்.

ஜாக்கை மாற்றுதல்

இப்போது வேலைக்கு வருவோம். போர்டு ஈயமற்ற சால்டரால் ஆனது. ஜாக்குக்கு மூன்று கால்கள். ஒன்று மின்னழுத்தம் வரும் நடுக்கால், ஒன்று கிரவுண்ட், ஒன்று உள்ளிருக்கும் ஸ்விட்சுக்குரியது. பல அடுக்குப் போர்டில் கிரவுண்ட் கால், உள்ளே படர்ந்து கிடக்கும் பெரிய செம்புத் தகட்டோடு இணைந்திருக்கிறது. அது வெப்பத்தை இழுத்துக்கொண்டே போவதால் அந்தக் கால் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு பிடிவாதம் காட்டும்.

மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டித்தபின், 2.4 முதல் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள உளிமுனை டிப்பைப் பொருத்தி 350 டிகிரியில் அமையுங்கள். ஊசிமுனை டிப் இந்த வேலைக்கு உதவாது. அதன் தொடுபரப்பு குறைவு என்பதால் வெப்பநிலை எவ்வளவு ஏற்றினாலும் வெப்பம் போய்ச் சேராது. கால்களில் சிறிது ஜெல் பிளக்ஸ் தொட்டு வையுங்கள். பிறகு, கழற்றவேண்டிய இணைப்பின் மேலேயே புதிய 63/37 கம்பியைச் சேர்த்து உருக்குங்கள். நீக்க வந்த சால்டரின் மேல் சால்டரைச் சேர்ப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் பழைய கலவையும் புதிய கலவையும் ஏறத்தாழ சம அளவில் கலந்தால் ஈயத்தின் பங்கு 18 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. அந்தக் கலவை 183 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கி, 200 டிகிரியை ஒட்டி முழுவதும் திரவமாகிவிடும். 217 டிகிரிக்குமேல் வைத்துப் போராட வேண்டிய வேலை இவ்வாறு எளிதாகிறது. புதிய கம்பியோடு புதிய பிளக்ஸும் சேர்கிறது. கூடுதலாகச் சேர்ந்த சால்டர் டிப்பிலிருந்து காலுக்கு வெப்பத்தைக் கடத்தும் பாலமாகவும் ஆகிறது. இரண்டு மூன்று நொடிகள் கலக்கவிட்டு, உறிஞ்சும் பம்பால் ஒரே இழுப்பில் எடுங்கள்.

மற்ற இரண்டு கால்களும் இவ்வாறு காலியாகிவிடும். கிரவுண்ட் கால் மட்டும் பாதித் துளை நிறைந்தபடி நிற்கும். அந்த மீதத்தை அயர்னால் தேய்த்துப் பயனில்லை. மெல்லிய படலமாக இருப்பதால் வெப்பம் உள்ளே இறங்காது. மறுபடி புதிய கம்பியைச் சேர்த்துத் துளையை நிறைத்து, பின்னர் உறிஞ்ச வேண்டும். அப்படியும் முடியாவிட்டால், ஹாட் ஏர் நிலையத்தாலோ அடியிலிருந்து சூடாக்கும் ப்ரீஹீட்டராலோ போர்டின் அந்தப் பகுதியை 100 டிகிரி அளவுக்கு முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ளுங்கள். செம்புத் தகடு ஏற்கெனவே சூடாக இருந்தால் அயர்ன் ஈடுகட்ட வேண்டிய இடைவெளி சுருங்கிவிடுகிறது. டிப்பை 380 வரை ஏற்றலாம். ஆனால் ஒரே மூச்சில் பத்து நொடிகளுக்கு மேல் அங்கேயே அழுத்திப் பிடித்திருக்காமல், இடையில் விட்டு மீண்டும் முயல்வது பேட்டைக் காக்கும். எந்த நிலையிலும் கால் தளராமல் ஜாக்கைப் பிடுங்கக் கூடாது. துளையின் உட்சுவரில் பூசியிருக்கும் செம்பே அதோடு வந்துவிடும்.

ஜாக் கழன்றபின் துளைகளின் மேல் பிளக்ஸ் தடவிய செம்புப் பின்னல் நாடாவை வைத்து, அதன் மேல் அயர்னை வைத்து மீதக் கலவையை உறிஞ்சவிடுங்கள். வெள்ளி நிறம் நாடாவுக்குள் ஏறுவதை நிறுத்தியதும் அயர்னையும் நாடாவையும் ஒன்றாகவே தூக்க வேண்டும். அயர்னை முதலில் எடுத்தால் நாடா பேடோடு ஒட்டிக்கொள்ளும். இதனால் கலப்புக் கலவையில் பெரும்பகுதி வெளியேறி, புதிய இணைப்பு பெரும்பாலும் 63/37 ஆகவே அமையும்.

புதிய ஜாக்கைச் செருகி, சிறிய கால் ஒன்றை மட்டும் முதலில் சால்டர் செய்து, ஜாக் போர்டில் சரியாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் அந்த ஒரு காலை உருக்கித் திருத்திக்கொள்ளலாம். பிறகு மற்றவை. டிப்பைப் பேடும் காலும் ஒருசேரத் தொடும்படி வைத்து, ஒன்றிரண்டு நொடிகள் கழித்து, கம்பியை டிப்பில் அல்லாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து காலில் தொட வேண்டும். கால் போதிய அளவு சூடாகியிருந்தால் கம்பி அங்கே தானாக உருகி ஓடும். உருகவில்லை என்றால் இன்னும் காத்திருக்க வேண்டும் என்று பொருள். துளையின் மறுபக்கத்திலும் சால்டர் எட்டிப்பார்ப்பது தெரிந்ததும் முதலில் கம்பியை, பின் அயர்னை எடுங்கள். கிரவுண்ட் காலுக்கு இது நான்கைந்து நொடிகள் பிடிக்கலாம்.

கடைசியாக, 99 விழுக்காடு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவி பிளக்ஸைக் கரைத்து, அது காயும் முன்பே நூலுதிராத துணியால் ஒற்றி எடுங்கள். தடவிவிட்டு அப்படியே காயவிட்டால் கரைந்த ரோசின் மெல்லியதாகப் பரவி வெள்ளைப் படலமாகப் படியும். அப்படிப் படிந்தால் புதிய ஆல்கஹாலால் மீண்டும் ஒருமுறை துடைத்தால் போய்விடும். மின்சாரம் கொடுக்கும் முன், மல்டிமீட்டரில் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இணைப்பு நன்றா என்று சொல்வது எப்படி

ஈயமுள்ள சால்டரில் பழகியவர் மங்கலான இணைப்பைக் கண்டதும் சரியாகப் பிணையாத கோல்ட் ஜாயின்ட் என்று முடிவு கட்டிவிடுவார். ஈயமற்ற இணைப்பில் மங்கல் இயல்பானது. அதை மறுபடி மறுபடி சூடாக்கிப் பளபளப்பாக்க முயன்றால் பேடுதான் பாழாகும். இரண்டு வகைக்கும் பொதுவான அளவுகோல் வடிவம். சால்டர் பேடின் ஓரத்தில் மெலிந்து தொடங்கி, உட்குழிந்த வளைவாக மேலேறிக் காலைத் தழுவ வேண்டும். காலின் வடிவம் அதனூடே தெரிய வேண்டும். பேடின் மேல் நீர்த்துளி போல உருண்டு, ஓரம் உள்ளே மடங்கி நின்றால் அது படரவில்லை. காலைச் சுற்றி வளையம் போல மெல்லிய கோடு தெரிந்தால் அங்கே விரிசல் இருக்கிறது. ஜாக் போன்று அடிக்கடி செருகி எடுக்கும் பாகங்களில் இந்த வளைய விரிசலே பழுதின் தொடக்கமாக இருப்பது வழக்கம்.

கலப்பதற்கான எல்லைகள்

ஈயமற்ற போர்டில் ஈயமுள்ள கம்பியால் ஒரு காலைச் சரிசெய்வது வீட்டுக் கருவிப் பழுதுபார்ப்பில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சில இடங்களில் அப்படிச் செய்யக் கூடாது. விற்பனைக்குச் செல்லும் கருவி ரோஹ்ஸ் விதிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டுமென்றால், ஈயக் கம்பியால் செய்த இணைப்பு அந்தத் தகுதியைக் கெடுத்துவிடும். அங்கே போர்டில் இருக்கும் கலவையையே பயன்படுத்த வேண்டும். சிப்பின் அடியில் உருண்டைகளாக இணைப்புகள் உள்ள பிஜிஏ வகையில், ஈயமற்ற உருண்டையோடு ஈயமுள்ள பேஸ்ட் முழுமையாகக் கலக்காமல் போனால் இணைப்பு சீரற்றதாகி நாளடைவில் விரிசல் விடலாம். அது புதியவர் கை வைக்கும் வேலையும் அன்று.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது பிஸ்மத்தும் ஈயமும் சேர்வது. 42 பங்கு வெள்ளீயமும் 58 பங்கு பிஸ்மத்தும் சேர்ந்த கலவை 138 டிகிரியில் உருகுகிறது. வெப்பம் தாங்காத பாகங்களுக்கு இது பயன்படுகிறது. இதோடு ஈயம் கலந்தால் மூன்று உலோகங்களும் சேர்ந்த ஒரு பகுதி 96 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். மின்னோட்டத்தால் சூடாகும் ஜாக்கிலோ மின்வழங்கிப் பகுதியிலோ அத்தகைய இணைப்பு தளர்ந்து கழன்றுவிடக்கூடும். e6 குறியைக் கண்டால் நிதானிக்கச் சொன்னது இதற்காகத்தான். பாகங்களைக் கழற்றுவதற்கென்றே விற்கப்படும் குறைவெப்பக் கலவைகளில் பலவும் பிஸ்மத் கலந்தவை. அதைப் பயன்படுத்தினால், நாடாவால் ஒருமுறைக்கு இருமுறை உறிஞ்சித் துளையை முற்றிலும் சுத்தம் செய்தபின்தான் புதிய கம்பியைத் தொட வேண்டும்.

ஈயமும் புகையும்

சால்டர் செய்யும்போது எழும் புகையில் ஈயம் ஆவியாக வருகிறது என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஈயத்தின் கொதிநிலை 1,749 டிகிரி. 350 டிகிரியில் அது குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாவதில்லை. கண்ணில் படும் புகை பிளக்ஸிலிருந்து வருவது. அதற்காக அதை எளிதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது: ரோசின் புகையைத் தொடர்ந்து சுவாசிப்பது தொழில்சார் ஆஸ்துமாவுக்கு அறியப்பட்ட காரணம். அந்த வகையில் ஈயமற்ற கம்பி பாதுகாப்பானது அன்று; அதில் பிளக்ஸின் பங்கும் வெப்பமும் பெரும்பாலும் கூடுதல் என்பதால் புகையும் கூடுதலாகவே வருகிறது. எந்தக் கம்பியானாலும் புகையை முகத்திலிருந்து விலக்கி இழுக்கும் விசிறியோ உறிஞ்சியோ வேண்டும்.

ஈயம் உடலுக்குள் நுழையும் வழி வாய். கம்பியைத் தொட்ட விரல்கள், உறிஞ்சும் பம்பைத் திறக்கும்போது உதிரும் தூள், மேசையில் சிதறிய நுண்மணிகள் ஆகியவை உணவோடு சேர்ந்து உள்ளே போகின்றன. வேலை மேசையில் உண்பதையும் குடிப்பதையும் முற்றிலும் தவிர்த்து, எழுந்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும். மேசையை உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். சிறு குழந்தைகள் தவழும் அறையிலோ, கர்ப்பிணி ஒருவர் வேலை செய்யும் மேசையிலோ இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாது என்றால் ஈயமற்ற கம்பிக்கே போய்விடுங்கள். அங்கே வசதி பெரிதன்று.

அப்படிப் போகிறவர் SAC305 கம்பியை 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் தடிமனில் வாங்கி, 360 டிகிரியில் தொடங்கி, ஒவ்வொரு இணைப்பிலும் ஜெல் பிளக்ஸைச் சேர்த்துப் பழகலாம். டிப்பைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும்: வெள்ளீயம் மிகுந்த கலவை உயர்ந்த வெப்பத்தில் டிப்பின் மேலுள்ள இரும்புப் பூச்சை வேகமாகக் கரைக்கிறது. வேலை நின்றதும் புதிய கம்பியால் டிப்பை முழுவதும் பூசிவிட்டு அயர்னை அணைக்க வேண்டும். சுத்தம் செய்து வெறுமனே விட்ட டிப் கருத்துப்போய் அடுத்த முறை சால்டரை ஏற்காது. மற்றவர்களுக்கு, அதே தடிமனில் ரோசின் உள்ளோடிய 63/37 கம்பி ஒரு சுருள், ROL0 குறியுள்ள ஜெல் ஒரு சிரிஞ்சு, செம்புப் பின்னல் நாடா, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஆகியவை ஜாக் போன்ற வேலைகள் அனைத்துக்கும் போதுமானவை. இரண்டு வகைக் கம்பியும் வைத்திருப்பவர் சுருள்களுக்குப் பெயர் ஒட்டி, இரண்டுக்கும் தனித்தனி டிப்பும் தனித்தனித் துடைப்புப் பஞ்சும் வைத்துக்கொள்ள வேண்டும். ஈயமற்ற வேலைக்கென்று வைத்த டிப்பில் ஒருமுறை ஈயம் ஏறிவிட்டால், பின்னர் அது தொடும் ஒவ்வொரு இணைப்பிலும் சிறிதளவு ஈயம் சேர்ந்துகொண்டே இருக்கும்.